மொட்டை மாடி இன்சுலேஷன்: போட்ட காசு எப்போது திரும்பும்? கணக்கில் வரும் தவறுகள்

மாடிக்கு வெப்பத் தடுப்பு போடும் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் கொட்டேஷனோடு ஒரு கணக்கையும் எழுதித் தருகிறார்கள்: "இரண்டே வருஷத்தில் கரண்ட் பில்லில் காசு திரும்பிவிடும்." ஆரம்ப காலத்தில் நானும் எழுதிய கணக்குதான் அது. சதுர அடியைத் தப்பாக அளப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை தானே பிடிபடும்.

டிகிரியைச் சதவீதமாக மாற்றுவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஏசியை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்று மத்திய அரசின் மின்சிக்கன அமைப்பான பி.இ.இ. சொல்கிறது. அது ரிமோட்டில் வைக்கும் டிகிரியைப் பற்றிய பேச்சு. நம் ஆட்களோ, "இன்சுலேஷன் போட்டால் ரூம் 5 டிகிரி குறையும், ஐயாறு முப்பது, பில்லில் 30 சதவீதம் மிச்சம்" என்று முடித்துவிடுகிறார்கள். 26-இல் ஏசி ஓடும் அறை இன்சுலேஷனுக்கு முன்னும் 26தான், பின்னும் 26தான். குறைவது ஏசி வெளியேற்ற வேண்டிய வெப்பம். அதுவும் கூரை வழியாக வரும் பங்கு மட்டும். சுவர், ஜன்னல், ஆட்கள் தரும் வெப்பம் அப்படியே இருக்கும். ஃபிரிட்ஜும் மோட்டாரும் இழுக்கும் யூனிட்டுக்கும் கூரைக்கும் சம்பந்தமே இல்லை.

ஒரு வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். மேல்தளத்தில் 120 சதுர அடி படுக்கையறை, அதாவது 11 சதுர மீட்டர். ஏசி இரவில் மட்டும். இரண்டு மாத உபயோகம் 900 யூனிட், பில் ₹5,820. மாடியில் எக்ஸ்பிஎஸ் என்ற நுரைப் பலகை பதித்து மேலே ஓடு ஒட்ட, சதுர அடிக்கு ₹150 வீதம் ₹18,000 கேட்டிருந்தார்கள். 30 சதவீதக் கணக்குப்படி வருஷத்துக்கு ₹10,476 மிச்சம். இருபது மாதத்தில் காசு கைக்கு வந்துவிடும் என்று அந்த அம்மா நம்பியிருந்தார்.

மே மாத இரவு பத்து மணிக்கு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை உட்கூரையில் காட்டினோம்: 36 டிகிரி. பகலில் குடித்த வெயிலைக் கான்கிரீட் அந்த நேரத்தில்தான் உள்ளே இறக்கும். விடியும்போது 31. அறை 26. கூரைக்கும் அறைக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்குச் சுமார் 6 வாட் வெப்பம் இறங்கும். பத்து மணிக்கு 660 வாட், விடியலில் 330, சராசரி 500 என்று வைத்தால் எட்டு மணி நேரத்தில் 4 யூனிட் வெப்பம். நல்ல ஏசி ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்றரை யூனிட் வெப்பத்தை வெளியேற்றிவிடும். ஆகவே கூரைக்காக அது இழுப்பது இரவுக்கு 1.1 யூனிட் சொச்சம். இன்சுலேஷன் அதில் முக்கால் பங்கைத் தடுத்தால் 0.85 யூனிட் மிச்சம்.

வருஷத்தில் 200 இரவு என்றால் 170 யூனிட், சுமார் ₹1,600. எல்லா இரவையும் மே மாத இரவாகவே எடுத்திருப்பதால் இதுவே தாராளமான கணக்கு. இப்படிப் பார்த்தால் காசு திரும்பப் பதினோரு வருஷம் ஆகும்.

டிகிரிக்கு 6 சதவீதம் என்பது உண்மையாகும் இடமும் ஒன்று உண்டு. உட்கூரை குளிர்ந்தால் தலைக்கு மேலே அனல் அடிக்காது, 24-இல் தூங்கியவர் 26-இல் தூங்கலாம். ரிமோட்டை உண்மையிலேயே மாற்றினால் அந்த 12 சதவீதத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏசியின் யூனிட்டில் மட்டும். ஏசிக்குத் தனி மீட்டர் போட்டு ஒரு மாதம் ரீடிங் எடுத்தால் அந்த யூனிட் தெரிந்துவிடும்.

பகல் முழுக்க ஏசி ஓடும் மேல்மாடி கிளினிக், அலுவலகம் என்றால் கூரையின் பங்கு கூடும், காலமும் குறையும். வீட்டுக் கணக்கை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

பில்லை யூனிட்டால் வகுத்து விலை எடுப்பது

மேலே சொன்ன வீட்டில் சராசரி யூனிட்டுக்கு ₹6.47 வரும். ஆனால் மிச்சமாகும் யூனிட் மேல் படியிலிருந்துதான் கழியும். தமிழ்நாட்டின் 2024 ஜூலைக் கட்டணப்படி 801 முதல் 1000 வரை ₹10.50, 601 முதல் 800 வரை ₹9.45. வருஷத்தில் எல்லா பில்லும் 900-ஐத் தொடாது என்பதால் நான் எடுத்தது இரண்டாவது விலை. 500 யூனிட்டை ஒட்டி இருப்பவர்களுக்குக் கணக்கே வேறு: 510-இலிருந்து 500-க்கு இறங்கினால் அந்தப் பத்து யூனிட்டுக்கே ₹319 குறையும்.

சென்ற மே, இந்த மே பில்லை ஒப்பிடுவது

கோடை மழை பெய்த வருஷத்தில் எல்லா இன்சுலேஷனும் நன்றாகவே வேலை செய்யும்.

வெள்ளை பெயிண்டின் முதல் வருஷ மிச்சத்தைப் பத்து வருஷத்துக்கு நீட்டுவது

தூசி படிந்தால் பிரதிபலிப்பு குறையும். கழுவும் செலவைச் சேருங்கள்.

மொத்தச் செலவையும் இன்சுலேஷன் தலையில் கட்டுவது

இது எதிர்ப்பக்கத் தவறு. மேலே சொன்ன வீட்டில் ஓடு பெயர்ந்து மழைநீர் கசிந்துகொண்டிருந்தது. ஓட்டு வேலையை எப்படியும் செய்தாக வேண்டும், அதற்கே சதுர அடிக்கு ₹80. அப்படியானால் பலகைக்கென்று கூடுதலாகப் போகும் ₹70-ஐத்தான் மின்சார மிச்சத்தோடு வைத்துப் பார்க்க வேண்டும். ₹8,400-ஐ ₹1,600-ஆல் வகுத்தால் ஐந்தேகால் வருஷம். அந்த அம்மா இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் வேலையைக் கொடுத்தார்.