பாமினியிலிருந்து தமிழ்99க்கு: முதலில் இடது கை

வன்னியில் தட்டச்சுப் பழகியவர்கள் பலருக்கும் கையில் ஊறியது பாமினி விசைப்பலகை அமைப்புதான். தமிழ்99 அமைப்புக்கு வரும்போது எழுத்துகளை மனப்பாடம் செய்யத் தொடங்காதீர்கள். அவை ஏன் அங்கே இருக்கின்றன என்று ஒருமுறை பாருங்கள்.

உயிர்கள் எல்லாம் இடது கையில். நடு வரிசையில் a, s, d விசைகள் அ, இ, உ. நேர் மேலே q, w, e அவற்றின் நெடில்கள் ஆ, ஈ, ஊ. சுட்டுவிரலின் கீழே f புள்ளி. அடிக்கடி வரும் க, ப, ம, த, ந, ய வலது கையின் நடு வரிசையில். தமிழ்ச் சொல்லில் மெய்யும் உயிரும் மாறி மாறி வருவதால் கைகளும் மாறி மாறி அடிக்கும். வ, ங இரண்டும்தான் இடது பக்கம் போன மெய்கள்.

சரி, "கிளிநொச்சி" அடித்துப் பாருங்கள்:

```
h s y s ; c [ [ s
```

இரண்டு ச அடித்ததும் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். முறிகண்டியில் ண, ட சேரும்போதும் அப்படித்தான். புள்ளி வேண்டாத "மமதை" போன்ற சொல்லில் இரண்டு ம-வுக்கும் நடுவே a அடிக்க வேண்டும்.

பாமினிக் கை தடுமாறுவது "நொ"வில். அங்கே கொம்பை முதலில் அடித்துப் பழகியிருப்போம். இங்கே ந அடித்த பிறகுதான் ஒ. திரையில் "ஒந" அல்லது "எந" என்று வந்தால் பழைய பழக்கம் முந்திக்கொண்டது என்று அர்த்தம்.

முதல் சில நாள் உயிர்களையும் வலது நடு வரிசையையும் மட்டும் வைத்து, கப்பி, பாய், மாதம், தம்பி என்று அடியுங்கள். அப்புறம் மேல் வரிசைக்குப் போகலாம்.