பகல் வெளிச்சத்தில் திரை: என் அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் எங்கள் வாசிகசாலையில் முழு இருட்டுக்கு வழியில்லை. புரொஜெக்டருக்கு முதலில் கெயின் 1.8 உள்ள மினுங்கும் திரையை வாங்கினோம். சாதாரண மங்கல் வெள்ளைத் திரையைவிட நேர் எதிரே எத்தனை மடங்கு ஒளியைத் திருப்புகிறது என்பதே கெயின். நடுவே படம் பளிச்சிட்டது. ஓரப் பாயில் இருந்த பிள்ளைகளுக்கோ மங்கலாகவே தெரிந்தது. கெயின் புதிதாக ஒளியைத் தராது, ஓரத்துக்குரியதை நடுவுக்குத் திருப்பும், அவ்வளவுதான்.

பிறகு கெயின் 0.8 சாம்பல் துணித்துண்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு ஆழ்ந்தது, வெள்ளையும் அதே அளவு குறைந்தது. புரொஜெக்டரை அணைத்ததும் திரை எவ்வளவு வெளிறித் தெரிகிறதோ, படத்தின் கறுப்பும் அதற்குக் கீழே இறங்காது.

கடைசியில் கெயின் 1.0 மங்கல் வெள்ளைத் திரையை ஜன்னல் உள்ள சுவரிலேயே, வெளிச்சம் நேரே படாதபடி மாட்டினேன். புரொஜெக்டரை முன்னே நகர்த்தி, 10 அடி அகலப் படத்தை 8 அடியாக்கினேன். படத்தின் வெளிச்சம் சுமார் ஒன்றரை மடங்கானது. ஓரத்துப் பிள்ளைகளும் எழுத்தை வாசித்தார்கள்.