எழுத்துத் தமிழைப் பேச்சுத் தமிழாக்குவது: ஒரு கன்னியாப் பத்தியை வைத்து

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போய்வந்ததைப் பற்றி நான் எழுதிய பத்தியைத் திருகோணமலையில் இருக்கும் என் அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். அவர் பாதியிலேயே நிறுத்தி, “கூட்ட அறிக்கை வாசிக்கிற மாதிரிக் கிடக்கு” என்று சொல்லிவிட்டார். அந்தப் பத்தி இதுதான்:

“கடந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் எனது தாயாருடன் கன்னியாவுக்குச் சென்றிருந்தபோது, அங்கு அமைந்துள்ள 7 கிணறுகளிலும் நீரின் வெப்பநிலை வெவ்வேறாகக் காணப்பட்டமையால், ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு வாளி நீர் அள்ளி ஊற்றினோம், தாயார் மூன்றாவது கிணற்றுடன் போதும் எனக் கூறி நிறுத்திக்கொண்டார்.”

சொற்களை மாற்றுவதற்கு முன் வாக்கியத்தை உடைக்க வேண்டும். எழுத்துத் தமிழ் பல செயல்களை எச்சங்களாக அடுக்கி, ஒரே ஒரு முற்றில் கொண்டுவந்து நிறுத்தும். வாயால் கதைக்கும்போது ஒவ்வொரு செய்தியும் தன் வினையோடு அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆகவே ‘சென்றிருந்தபோது’, ‘காணப்பட்டமையால்’ ஆகிய இரண்டு இடங்களிலும் முற்றுப்புள்ளி வையுங்கள். ‘அமைந்துள்ள’, ‘காணப்பட்ட’ என்பவற்றை மாற்றவும் வேண்டாம். பெரும்பாலும் அவற்றை எடுத்துவிட்டாலே போதும். நம் நாட்டு அலுவலகத் தமிழில் ‘காணப்படுகின்றது’ எங்கும் வருவதால் கை தானாக அதை எழுதிவிடுகிறது, அதனால் முதலில் அதையே தேடுங்கள்.

அடுத்தது வினை விகுதி. நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான். முதல் முயற்சியில் ‘போயிருந்தேன்’, ‘ஒண்ணு’, ‘போதும்னு’ என்று எழுதினேன். சினிமாவும் தொலைக்காட்சியும் கேட்டு வளர்ந்த காதுக்கு அதுவே பேச்சுத் தமிழாகப் பட்டது. அக்கா கேட்டது ஒரே கேள்வி: “இது ஆர் கதைக்கிறது?” எங்கள் வீட்டில் தன்மை ஒருமை ‘ஏன்’ என்று முடிவதில்லை, ‘அன்’ என்று முடிகிறது: போனன், வந்தன், சொன்னன். பன்மையில் போனம், ஊத்தினம். ‘ஒன்று’ ஒண்டு ஆகிறது, ‘மூன்று’ மூண்டு ஆகிறது, ‘என்று’ எண்டு ஆகிறது. சென்னைப் பேச்சில் இவை ஒண்ணு, மூணு, ‘ன்னு’ என்று வரும்.

இந்த ஒழுங்கைக் கண்டதும், எழுத்துச் செயலியின் தேடி மாற்றும் வசதியில் ‘ன்ற’ என்பதை ‘ண்ட’ என்று ஒரேயடியாக மாற்றினேன். ஒருங்குறியில் உயிர்க்குறி மெய்க்குப் பின்னால் தனியாக நிற்பதால், ‘ன்ற’ என்று தேடினால் ன்று, ன்றி, ன்றம் எல்லாம் அகப்படும். அதனால் ‘நன்றி’ நண்டியாகவும், ‘மன்றம்’ மண்டமாகவும் ஆயின. ‘ேன்’ என்பதை ‘ன்’ ஆக்கியபோது ‘தேன்’ தன் ஆகிவிட்டது. எனவே எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அப்படிப் பார்த்தாலும் ‘கொன்று’ மாறினால் ‘கொண்டு’ ஆகிப் பொருள் குழம்பும். அந்த இடத்தில் வேறு சொல் போடுவதே நல்லது.

எந்தச் செயலியை விடவும் நான் நம்புவது கைத்தொலைபேசியின் ஒலிப்பதிவைத்தான். பத்தியை மூடிவைத்துவிட்டு, அதே விடயத்தை வீட்டாருக்குச் சொல்வதுபோலப் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதுங்கள். ‘போதும்’ என்று நான் எழுதிய இடத்தில் அம்மா உண்மையில் சொன்னது ‘காணும்’ என்பது அப்படித்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆனால் காதில் விழும் ஒவ்வோர் ஒலியையும் எழுத்தில் கொண்டுவர முயல வேண்டாம். சொல்லிறுதி மகரம் மூக்கொலியாகத் தேய்வதை எழுதிக் காட்டினால் வாசிப்பவர் ஒவ்வொரு சொல்லிலும் நின்றுவிடுவார். விகுதி, வேற்றுமை உருபு, சொல்தெரிவு ஆகிய மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: தம் வீட்டில் ‘வாங்கோ’ அல்ல, ‘வாங்க’ என்றுதான் சொல்வார்கள், எது சரி என்று மூதூர் வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். இந்த மாவட்டத்தில் இரண்டும் கேட்கும். உங்கள் வீட்டில் புழங்குவதை எழுதுங்கள், ஆனால் ஒரே ஆளின் வாயில் இரண்டையும் கலக்காதீர்கள்.

அக்கா கடைசியில் ஒப்புக்கொண்ட பத்தி:

“போன ஞாயிறு விடியவே அம்மாவோட கன்னியாவுக்குப் போனன். அங்க ஏழு கிணறு. ஒண்டில தண்ணி நல்ல சூடு, பக்கத்தில இருக்கிறதில அவ்வளவு இல்ல. ஒவ்வொரு கிணத்திலயும் ஒவ்வொரு வாளி அள்ளி ஊத்தினம். அம்மா மட்டும் ‘எனக்கு இது காணும்’ எண்டு மூண்டாவதோட நிண்டிட்டா.”