நூறு விழுக்காட்டுப் பட்டையில் எண்ணிக்கையை எப்போது சேர்ப்பது?

சிறுவர்களுக்குத் தமிழ்க் கதைநேரம் நடத்த ஒரு தொண்டூழியர் குழு இடம் தேடுகிறது. சிங்கப்பூரின் நான்கு வட்டாரங்களில் பெற்றோரிடம், "வீட்டில் பிள்ளையோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். கீழே உள்ள எண்கள் விளக்கத்துக்காக நானே போட்டவை.

| வட்டாரம் | தமிழ் | ஆங்கிலம் | இரண்டும் |
|---|---|---|---|
| ஈசூன் | 72 | 36 | 12 |
| உட்லண்ட்ஸ் | 36 | 36 | 18 |
| பிடோக் | 20 | 25 | 5 |
| பொங்கோல் | 6 | 1 | 1 |

இதை எக்செலில் 100% Stacked Bar ஆகப் போட்டால் நான்கு பட்டையும் ஒரே நீளத்தில் நிற்கும். தமிழ் பேசும் பங்கு பொங்கோலில் 75 விழுக்காடு, ஈசூனில் 60. படத்தைப் பார்ப்பவர் "அப்போ பொங்கோலில் நடத்தலாம்" என்றுதான் சொல்வார். ஆனால் அந்த 75 விழுக்காடு வெறும் ஆறு குடும்பம். ஈசூனின் 60 விழுக்காடோ எழுபத்திரண்டு குடும்பம்.

இன்னொன்றும் ஒளிந்திருக்கிறது. பொங்கோலில் இரண்டு குடும்பம் பதிலை மாற்றிச் சொல்லியிருந்தால் 75 விழுக்காடு 50 ஆகிவிடும். ஈசூனில் அதே இரண்டு குடும்பம் மாறினால் 60 விழுக்காடு ஏறக்குறைய 58 ஆகும், அவ்வளவுதான். ஒரு பட்டை ஆட்டம் காண்கிறது, மற்றொன்று அசையாமல் நிற்கிறது. படத்திலோ இரண்டும் ஒரே மாதிரி உறுதியாகத் தெரிகின்றன.

மொத்தத்தைப் பெயரோடு சேர்ப்பது

பெரும்பாலும் இது ஒன்றே போதும். தாளில் A பத்தியில் வட்டாரம், D முதல் F வரை மூன்று மொழி எண்ணிக்கை இருக்கட்டும். இடையில் இருக்கும் B, C பத்திகளில், இரண்டாம் வரிசையில் இப்படி எழுதுங்கள்:

```
B2: =SUM(D2:F2)
C2: =A2&" ("&B2&" குடும்பம்)"
```

இரண்டையும் ஐந்தாம் வரிசை வரை இழுத்துவிடுங்கள். அப்புறம் C1:F5 பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து Insert வழியாக 100% Stacked Bar போடுங்கள். இடப்பக்கம் "பொங்கோல் (8 குடும்பம்)" என்று வந்து நிற்கும். அதைப் படித்தவுடன் யாரும் 75 விழுக்காட்டை அப்படியே நம்பிவிட மாட்டார்கள்.

தெரியாமல் மொத்தம் உள்ள B பத்தியையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் என்ன ஆகும்? மொத்தமும் ஒரு துண்டாகப் பட்டைக்குள் புகுந்துவிடலாம். அப்படிப் புகுந்தால் கண்டுபிடிப்பது சுலபம்: எல்லாப் பட்டையிலும் சரிபாதியை ஒரே நிறம் பிடித்திருக்கும். இன்னொன்று, எக்செல் முதல் வரிசையைக் கீழே வைத்துத் தலைகீழாகக் காட்டும். வட்டாரப் பெயர்கள் மீது இரட்டைச் சொடுக்கு போட்டு Categories in reverse order என்பதைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

துண்டுகளுக்குள்ளும் எண் வேண்டுமென்றால் Data Labels சேர்க்கலாம். கிடை அச்சில் விழுக்காடு இருந்தாலும், துண்டுக்குள் எக்செல் காட்டுவது நீங்கள் கொடுத்த எண்ணிக்கையைத்தான். நமக்கு அதுதான் வேண்டும். ஆனால் நாலைந்து துண்டுக்கு மேல் போனால் எண்கள் ஒன்றையொன்று நெருக்கும். அப்போது பெயரோடு இருக்கும் மொத்தமே போதும்.

எப்போது சேர்க்க வேண்டும்?

மிகப் பெரிய வரிசையின் மொத்தம் மிகச் சிறியதைப்போல இரு மடங்குக்கு மேல் இருந்தாலோ, ஏதாவது ஒரு வரிசையில் முப்பதுக்குக் குறைவாக இருந்தாலோ, நான் கட்டாயம் சேர்ப்பேன். இது என் கைக்கணக்கு, விதி இல்லை. நான்கு வகுப்பு, ஒவ்வொன்றிலும் 40 மாணவர் என்றால் வரிசைதோறும் எழுதத் தேவையில்லை. தலைப்புக்குக் கீழே ஒருமுறை சொன்னால் போதும்.

முடிவே எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால், பெயருக்குப் பக்கத்தில் எழுதுவது மட்டும் போதாது. கதைநேரத்துக்கு எத்தனை நாற்காலி போடுவது என்பதைப் பங்கு சொல்லாது. A1:B5 பகுதியைக் கொண்டு ஒரு சாதாரண Clustered Bar போட்டு, அதே வரிசையில், அதே உயரத்தில் வலப்பக்கம் ஒட்டிவையுங்கள். 120-க்குப் பக்கத்தில் 8 எவ்வளவு குட்டி என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மொத்தம் தெரியாவிட்டால் வாசகர் இன்னொரு தப்புக் கணக்கும் போடுவார். நான்கு பட்டையின் தமிழ்ப் பங்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 54 விழுக்காடு வரும். உண்மையில் 268 குடும்பத்தில் 134, அதாவது சரியாக 50. எட்டுக் குடும்பப் பட்டைக்கும் 120 குடும்பப் பட்டைக்கும் ஒரே எடை கொடுத்ததால் வந்த வித்தியாசம் இது.

அடைப்புக்குறிக்குள் போடுவது பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை மட்டுமே. பொங்கோலில் எட்டு என்றால் அங்கே எட்டுத் தமிழ்க் குடும்பம்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரே ஒரு தொண்டூழியர் ஒரு சமூக மன்ற வாசலில் அரைமணி நேரம் நின்றிருக்கலாம். அதனால் படத்துக்குக் கீழே "பதிலளித்த குடும்பங்கள்" என்று எழுதிவிடுங்கள்.