ரெஃபரல் கொடுத்தாயிற்று, அப்புறம் யாரைக் கேட்பது?

கோத்தகிரியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். "அக்கா, காலேஜ் சீனியர் ரெஃபர் பண்ணி மூணு வாரம் ஆச்சு. கேட்கும்போதெல்லாம் 'சொல்லியிருக்கேன், வரும்'னுதான் சொல்றார்." அவள் கேட்டிருந்தது கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை. பி.காம் முடித்தவள், டேலியில் நல்ல கை. அவள் பேசப் பேச எனக்கு என் பழைய கதை நினைவுக்கு வந்தது. இதே தவறைச் செய்து நான் ஒரு வேலையைக் கோட்டைவிட்டிருக்கிறேன். இப்போது குன்னூரில் வீட்டிலிருந்தபடியே ஆள் எடுக்கும் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு இரண்டு பேராவது இதே இடத்தில் வந்து நிற்கிறார்கள். ரெஸ்யூமில் எழுத்துப்பிழை, தவறான போன் நம்பர் போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்ளலாம். அதை விட்டுவிடுகிறேன்.

ரெஃபர் செய்தவரையே கடைசிவரை கேட்டுக்கொண்டிருப்பது

இதைத்தான் நீளமாகச் சொல்ல வேண்டும்.

பெரும்பாலான நிறுவனங்களில் ரெஃபரல் என்றால், ஊழியர் தன் நிறுவனத்தின் உள் தளத்தில் உங்கள் பெயர், இமெயில், ரெஸ்யூம், எந்த வேலைக்கு என்று காட்டும் வேலை எண் ஆகியவற்றை ஏற்றுவது. அவ்வளவுதான் அவர் வேலை. பல இடங்களில் அதன் பிறகு உங்கள் இமெயிலுக்குத் தானாக ஒரு லிங்க் வரும். அதைத் திறந்து விண்ணப்பத்தை நீங்கள் முடித்தால்தான், அந்த வேலைக்கு ஆள் தேடும் ரெக்ரூட்டரின் பட்டியலில் உங்கள் பெயர் முழுமையாக ஏறும். முடிக்காவிட்டால் சீனியரின் திரையில் 'ரெஃபர் செய்யப்பட்டது' என்று இருக்கும், ரெக்ரூட்டரோ உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். சீனியர் பொய் சொல்வதில்லை. அவருக்குத் தெரிவது அவ்வளவுதான்.

பல இடங்களில் அதற்கு மேல் அவருக்குக் காட்டவும் மாட்டார்கள். நீங்கள் சேர்ந்து சில மாதம் நிலைத்தால் அவருக்கு ரெஃபரல் தொகை கொடுக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அதனால் தேர்வு முடிவிலிருந்து அவரைத் தள்ளியே வைப்பார்கள்.

என் விஷயத்தில், ரெஃபர் செய்த அண்ணனை ஞாயிற்றுக்கிழமைதோறும் கூப்பிட்டுக் கேட்டேன். ஒரு மாதம் கழித்துத்தான் அவர் அந்தக் கம்பெனியை விட்டே கிளம்பிவிட்டார் என்று தெரிந்தது. அதற்குள் அந்த இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்கள். முதல் வாரமே எனக்கு ஒரு இமெயில் வந்திருந்தது. அதன் அடியில் ரெக்ரூட்டரின் பெயரும் நம்பரும் இருந்தன. அவருக்கு ஒரு வரி எழுதியிருந்தால் போதும். அதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான் வருகிறது.

கோத்தகிரிப் பெண்ணிடம், "லிங்க் வந்ததா?" என்று கேட்டேன். வரவில்லை என்றாள். சீனியர் எந்த இமெயிலைக் கொடுத்தார் என்று விசாரிக்கச் சொன்னேன். அவள் திறப்பதையே விட்டுவிட்ட காலேஜ் இமெயில் அது. லிங்க் அங்கே பதினெட்டு நாளாகக் கிடந்தது. இதற்கிடையில் பொறுமை இழந்து, நிறுவனத்தின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் புது இமெயிலை வைத்து நேரடியாகவும் விண்ணப்பித்திருக்கிறாள். ஆக, ஒரே ஆள் இரண்டு பதிவாகிவிட்டாள். ஒன்றில் ரெஃபரல் இருக்கிறது, விண்ணப்பம் இல்லை. இன்னொன்றில் விண்ணப்பம் இருக்கிறது, ரெஃபரல் இல்லை.

இதைச் சரிசெய்ய ரெக்ரூட்டரால்தான் முடியும். சீனியரிடம் ஒரே ஒரு உதவி கேட்கச் சொன்னேன்: அந்த வேலைக்கான ரெக்ரூட்டர் யார், அவருக்கு நேரடியாக எழுதலாமா? உள் தளத்தில் வேலை எண்ணோடு ரெக்ரூட்டர் பெயரும் பெரும்பாலும் இருக்கும். அன்று மாலையே பெயர் கிடைத்தது.

'என் விண்ணப்பம் என்ன ஆச்சு?' என்று மட்டும் கேட்பது

இதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்றுதான் பதில் வரும். ஒரு ரெக்ரூட்டர் ஒரே நேரத்தில் பல வேலைகளுக்கு ஆள் தேடுகிறார். உங்கள் கேள்விக்கான பதில் ஒரு பெயராகவோ, ஒரு நாளாகவோ, ஆம் இல்லை என்றோ வரும்படி இருந்தால்தான் அவரால் உடனே எழுத முடியும். தலைப்பில் உங்கள் பெயரும் வேலை எண்ணும் ரெஃபர் செய்தவர் பெயரும் இருக்கட்டும். அவள் எழுதியதன் சாரம் இது:

"வணக்கம். உங்கள் நிறுவனத்தில் பணிபுரியும் என் சீனியர் இந்த வேலைக்கு என்னை ரெஃபர் செய்தார். அவர் கொடுத்தது என் பழைய இமெயில். நான் விண்ணப்பித்தது இந்த இமெயிலில். இரண்டும் ஒரே பதிவாக இணைந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? அடுத்த கட்டம் என்ன, ஏறக்குறைய எப்போது இருக்கும்? இனி இது பற்றி உங்களுக்கே எழுதலாமா, வேறு யாரையாவது தொடர்புகொள்ள வேண்டுமா? நேர்முகத்துக்குக் கோயம்புத்தூர் வர வேண்டுமென்றால், கோத்தகிரியிலிருந்து வருவதால் முந்தின நாளே தெரிந்தால் உதவியாக இருக்கும்."

மறுநாளே பதில் வந்தது. இரண்டு பதிவையும் இணைத்துவிட்டார். முதலில் போனில் இருபது நிமிடம், அதன் பிறகு ஒரு எக்ஸெல் தேர்வு, கடைசியில் நேரில் பேச்சு. நாள், நேரம், இடம் எல்லாம் இனி இன்னொருவர் ஏற்பாடு செய்வார் என்று அவர் பெயரையும் நம்பரையும் கொடுத்திருந்தார்.

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். நேரம் மாற்றுவது, லிங்க் திறக்காதது எல்லாம் ஏற்பாடு செய்பவரிடம். தேர்வாகிறோமா, சம்பளம், சேரும் தேதி எல்லாம் ரெக்ரூட்டரிடம். சீனியருக்கு, 'ரெக்ரூட்டரோடு பேசிவிட்டேன், நன்றி' என்று ஒரு செய்தி. ரெக்ரூட்டர் இடையில் மாறுவதும் உண்டு. அதனால் ஒவ்வொரு கட்டம் முடியும்போதும், "அடுத்து நான் உங்களையே தொடர்புகொள்ளலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாளே நினைவூட்டுவது

விண்ணப்பித்து ஐந்து வேலை நாள் போகட்டும். ரெக்ரூட்டர் ஒரு நாளைச் சொல்லியிருந்தால் அந்த நாளுக்கு அடுத்த நாள் எழுதுங்கள். புது இமெயில் வேண்டாம், பழைய உரையாடலிலேயே பதில் போடுங்கள்.

மேனேஜரைத் தேடிப்பிடித்து எழுதுவது

வேண்டாம். அவர் அதை ரெக்ரூட்டருக்கே அனுப்பிவிடுவார்.

ரெஃபரலுக்குப் பணம்

யார் கேட்டாலும் அதோடு விடுங்கள்.

தெரியாத நம்பரை எடுக்காமல் விடுவது

மலையில் இருப்பவர்களுக்கு இது தனிச் சிக்கல். வீட்டின் எந்த மூலையில் சிக்னல் நிற்கிறது என்று நமக்குத் தெரியும், அழைப்பவருக்குத் தெரியாது. 'பதினொரு மணிக்கு மேல் அழைத்தால் சிக்னல் உள்ள இடத்தில் இருப்பேன், இல்லாவிட்டால் இமெயில் அனுப்புங்கள்' என்று முதல் கடிதத்திலேயே சொல்லிவிடலாம். ரெக்ரூட்டர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அந்தப் பெண்ணுக்கு நேர்முகம் நவம்பரில் விழுந்தது. வடகிழக்குப் பருவமழை நேரம். காலை ஆறு மணி பஸ்ஸில் ஏறினாள். மேட்டுப்பாளையம் போகும் வழியில் மரம் விழுந்து வண்டிகள் வரிசையாக நின்றுவிட்டன. பத்து மணிக்கு அவள் கோயம்புத்தூரில் இருக்க வேண்டும். சீனியரைக் கூப்பிடவில்லை. ஏற்பாடு செய்பவரின் நம்பர் கையில் இருந்தது. எட்டரைக்கு அவரைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் பேனலைக் கேட்டுவிட்டு, "மத்தியானம் ரெண்டரைக்கு வாங்க, அவசரப்படாதீங்க" என்றார்.