பார்ட்னர்ஷிப் சமரச ஒப்பந்தம்: பணம் வருமுன் உரிமையை விட்டுவிடும் தவறு

பார்ட்னர்கள் பிரியும்போது தொகைக்குத்தான் மல்லுக்கட்டுகிறார்கள். அது முடிவானதும், விட்டால் போதும் என்று மீதிப் பக்கங்களை மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்கள். வம்பு அந்தப் பக்கங்களில்தான் இருக்கும்.

ஒரு கணக்கு. விலகும் பார்ட்னர் 40 லட்சம் கேட்கிறார், மற்றவர் மறுக்கிறார். கடைசியில் 24 லட்சம், மாதம் 2 லட்சமாக 12 தவணை என்று முடிகிறது. கூடவே ஒரு வரி: ‘இன்று முதல் ஒருவர் மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’ நாலு தவணை ஒழுங்காக வந்தது. ஐந்தாவது வரவில்லை.

பழைய 40 லட்சத்தை இனிப் பேச முடியாது. கையெழுத்தான அன்றே அது போய்விட்டது. பாக்கி 16 லட்சத்தையும் மொத்தமாகக் கேட்பது சிரமம். ஒரு தவணை தவறினால் மீதி முழுவதும் உடனே தர வேண்டும் என்று எழுதவில்லையென்றால், பொதுவாகக் கெடு தாண்டிய தவணைக்கு மட்டுமே வழக்குப் போடலாம்.

அந்த வரியை இப்படி மாற்றியிருக்க வேண்டும்: ‘கடைசித் தவணை வந்து சேர்ந்த நாளில்தான் கோரிக்கைகள் முடிவுக்கு வரும், இந்த ஒப்பந்தத்தில் உள்ள கடமைகளுக்கு இது பொருந்தாது.’ இரண்டாவது பாதியைப் பலர் மறக்கிறார்கள். அது இல்லாவிட்டால், ‘எந்தக் கோரிக்கையும் இல்லை என்றீர்களே’ என்று தவணையையே மறுத்து வாதாட இடம் கொடுத்ததாகிவிடும்.

தவறினால் என்ன என்பதையும் எழுத வேண்டும். எழுத்தில் நோட்டீஸ், சரிசெய்ய 10 நாள், அதற்கும் வராவிட்டால் பாக்கி மொத்தமும் உடனடி என்று வைக்கலாம். 40 லட்சத்துக்கும் 24 லட்சத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடிக்க ‘தவறினால் கூடுதலாக 16 லட்சம்’ என்று மட்டும் எழுதாதீர்கள், நீதிமன்றம் அதை அபராதமாகப் பார்த்துத் தள்ளவோ குறைக்கவோ கூடும். பழைய கோரிக்கை உயிர்பெறும், வந்த 8 லட்சம் அதில் கழியும் என்று எழுதுவது மேல். அப்புறம், தவணைக்குக் காத்திருக்கும் மாதங்களிலும் பழைய கோரிக்கைக்காக வழக்குப் போடுவதற்கான கால வரம்பு ஓடிக்கொண்டிருக்கும். அதற்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். இதையெல்லாம் உங்கள் ஊர்ச் சட்டம் எவ்வளவு ஏற்கும் என்பதை வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கிக்கு நீங்கள் போட்ட ஜாமீன் கையெழுத்து தனி விஷயம். பார்ட்னர் உங்களை விடுவித்தார் என்பதற்காக வங்கி விடுவிக்காது. வங்கியிடமிருந்தே விடுவிப்புக் கடிதம் வாங்க வேண்டும். கிடைக்கும்வரை, வங்கி உங்களிடம் வசூலித்தால் பார்ட்னர் ஈடு செய்வார் என்ற ஷரத்தாவது இருக்கட்டும்.

ரகசிய ஷரத்தில் ‘யாரிடமும் எதையும் சொல்லக் கூடாது’ என்று எழுதினால் ஆடிட்டரிடம் பேசுவதுகூட மீறல்தான். ஆடிட்டர், வரித்துறை, வங்கி, வக்கீல், பணத்தை வசூலிக்கப் போகும் நீதிமன்றம், இவர்களுக்கு விலக்கு வையுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் இருவரும் சொல்ல வேண்டிய ஒரே பதிலையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம். முக்கியமாக, ‘ரகசியம் மீறினால் தவணை நிற்கும்’ என்ற வரிக்குச் சம்மதிக்காதீர்கள். எங்கோ யாரோ பேசியதைச் சாக்கு வைத்து ஆறாவது தவணையிலேயே நிறுத்திவிடுவார்கள்.