பில்லும் வங்கியும் பேரேடும் ஒத்துப்போகாதபோது: ஒரு பட்ஜெட் தலைப்புக்கு ஆவணக் கோப்பு தயாரிப்பது எப்படி?

"எல்லா பில்லும் பத்திரமாக இருக்கிறது" என்று சொல்லும் அலுவலகங்களில்கூட தணிக்கை இழுத்தடிக்கும். ஆடிட்டர் பில்லை மட்டும் தேடுவதில்லை, அதுதான் காரணம். அறிக்கையில் ஒரு தொகையைப் பார்க்கிறார். அது பேரேட்டில் எந்தெந்தப் பதிவுகளிலிருந்து வந்தது, ஒவ்வொரு பதிவுக்கும் பின்னால் என்ன காகிதம், அந்தக் காகிதத்துக்குரிய பணம் வங்கியிலிருந்து எப்போது போனது என்று ஒவ்வொரு படியாக இறங்கிப் பார்க்கிறார். நடுவில் ஒரு படி இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடுவார்.

ஒரே ஒரு பட்ஜெட் தலைப்பை எடுத்துக்கொண்டு முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்போம். நிதியுதவி பெற்று நடக்கும் ஒரு திட்டம். அதில் 'பயிற்சி' என்ற தலைப்பு, குறியீடு P-32. ஒதுக்கீடு 90,000. செலவு 84,350 என்று அறிக்கையில் இருக்கிறது. இந்த 84,350-ஐத்தான் நிரூபிக்க வேண்டும்.

படி 1: குறியீடும் பேரேடும்

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு குறியீடு வையுங்கள். அதில் ஒரு எழுத்து இருக்கட்டும். 3.2 என்று வெறும் எண்ணாக வைத்தால், எக்செல் சில கணினிகளில் அதைத் தேதியாக மாற்றிவிடும். போதாததற்கு 3.2, 3.20 இரண்டையும் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும். P-32 என்றால் இந்தத் தொல்லை இல்லை.

பிறகு `Ledger` என்ற பெயரில் ஒரு ஷீட். A-யில் தேதி, B-யில் வவுச்சர் எண், C-யில் தலைப்புக் குறியீடு, D-யில் விவரம், E-யில் பில்லின் முழுத் தொகை, F-இல் இந்தத் தலைப்புக்குச் சேரும் தொகை. E, F இரண்டும் ஏன் தனித்தனியாக என்பது சற்று நேரத்தில் புரியும். நம் P-32-க்கு ஐந்து பதிவுகள்:

- V-041, மண்டப வாடகை: 30,000
- V-044, பயிற்றுநர் கட்டணம்: 24,000
- V-047, உணவு: 16,850
- V-052, கையேடு அச்சு: 7,500
- J-006, பயணச் செலவு: 6,000

கூட்டினால் 84,350. இதை ஒவ்வொரு முறையும் கையால் கூட்ட வேண்டாம். அறிக்கையின் கட்டத்திலேயே இந்தச் சூத்திரத்தைப் போட்டுவிடுங்கள்:

```
=SUMIFS(Ledger!F:F,Ledger!C:C,"P-32")
```

அறிக்கையில் தொகையைத் தட்டச்சு செய்து வைப்பவர்கள் பலர். பேரேட்டில் பிறகு ஒரு திருத்தம் நடந்தால் அறிக்கை பழைய தொகையோடு அப்படியே நிற்கும். தணிக்கையில் வெளிவரும் முதல் வித்தியாசம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

படி 2: நேரான செலவு

V-041-ஐ எடுத்துக்கொள்வோம். மண்டபக்காரர் 30,000-க்கு பில் கொடுத்தார், வங்கியிலிருந்து 30,000 போனது, பேரேட்டிலும் 30,000. இந்த மாதிரிச் செலவுக்குக் கோப்பு போடுவது சுலபம். மேலே வவுச்சர். அதன் கீழே செலவுக்கான ஒப்புதல், விலைப்புள்ளிகள், பில், பணம் செலுத்தியதற்கான சான்று. கடைசியாக, சேவை நிஜமாகவே கிடைத்தது என்பதற்கு ஒரு காகிதம். மண்டபம் என்றால் அன்றைய வருகைப் பதிவேட்டின் நகல் போதும். புதிதாகச் செய்பவர்கள் விட்டுவிடுவது இந்தக் கடைசிக் காகிதத்தைத்தான். பணம் போனது என்பதை பில்லும் வங்கியும் காட்டும், பயிற்சி நடந்தது என்பதைக் காட்டாது.

பில்லின் மேலேயே வவுச்சர் எண்ணையும் P-32 என்பதையும் எழுதி, 'பணம் செலுத்தப்பட்டது' முத்திரை குத்துங்கள். அப்புறம் அதே பில் இன்னொரு தலைப்பிலோ இன்னொரு திட்டத்திலோ தவறிப்போய் நுழைய முடியாது. வெப்பத்தாளில் அச்சிட்ட சிறிய ரசீதுகள் சில மாதங்களிலேயே வெளுக்கத் தொடங்கும். வந்த அன்றே நகலெடுத்து இரண்டையும் சேர்த்து வையுங்கள்.

தேதிகளையும் ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். ஒப்புதல், பில், பணம் என்று போக வேண்டும். ஒப்புதல் பில்லுக்குப் பிந்தைய தேதியில் இருந்தால், அதை முன்தேதியிட்டு மாற்றி எழுதாதீர்கள். ஏன் தாமதமானது என்று இன்றைய தேதியிலேயே ஒரு குறிப்பு எழுதி, ஒப்புதல் தர வேண்டியவரிடம் கையெழுத்து வாங்கிச் சேர்த்துவிடுங்கள். தாமதம் ஒரு குறைதான், சின்னக் குறை. முன்தேதியிட்டது தெரிந்தால் மொத்தக் கோப்பையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள்.

படி 3: தொகைகள் ஒத்துப்போகாத இடங்கள்

சரி, இனிதான் விஷயம் இருக்கிறது. மீதி செலவுகளில் மூன்று அப்படி நேராக வராது.

முதலில் V-047, உணவு. பேரேட்டில் 16,850. வங்கி ஸ்டேட்மென்ட்டிலோ அந்தத் தொகையே இல்லை. அன்று போனது 18,000, ஊழியர் ஒருவருக்குக் கொடுத்த முன்பணம். அவர் 16,850-க்கு பில்கள் கொடுத்துவிட்டு, மீதி 1,150-ஐ வங்கியில் கட்டினார். முன்பணத் தீர்வுப் படிவம் ஒன்று இருந்தால் ஆடிட்டர் ஒரே பார்வையில் புரிந்துகொள்வார்: வாங்கியது 18,000, செலவு 16,850, திரும்பியது 1,150, கீழே கையெழுத்து. அதோடு 1,150 கட்டிய வங்கிச் சீட்டு. இந்தச் சீட்டு இல்லாவிட்டால், பில்கள் எல்லாம் சரியாக இருந்தாலும், 1,150 எங்கே போனது என்ற கேள்வி நிற்கும்.

அடுத்தது V-052, கையேடு அச்சு. பில்லும் வங்கியும் 12,500 என்கின்றன, P-32-இல் ஏறியிருப்பது 7,500. அச்சிட்டது 5,000 பிரதிகள். அவற்றில் 3,000 பயிற்சிக்கு, 2,000 விழிப்புணர்வுத் தலைப்பான P-41-க்கு. பேரேட்டில் V-052 இரண்டு வரிகளாக இருக்கும், இரண்டிலும் E-யில் 12,500. F-இல் ஒன்றில் 7,500, மற்றதில் 5,000. இதற்கு ஒரு பகிர்வுத் தாள் வேண்டும். 'பாதிக்கு மேல் பயிற்சிக்கு' என்று எழுதினால் போதாது. எந்த அடிப்படையில் பிரித்தோம் என்பதும் கணக்கும் அதில் இருக்க வேண்டும்: 12,500 × 3,000 ÷ 5,000 = 7,500. அந்த 3,000 என்ற எண்ணுக்கும் ஒரு சான்று தேவை. கையேடுகள் வழங்கிய பதிவேட்டின் பக்கம் அதைத் தரும்.

அடிப்படையைச் செலவு நடக்கும்போதே முடிவு செய்துவிடுங்கள். வருடக் கடைசியில் எந்தத் தலைப்பில் பணம் மிச்சம் என்று பார்த்துவிட்டுப் பிரித்தால், விகிதத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். எந்தக் கணக்குக்கும் பொருந்தாத விகிதமாக இருக்கும், ஆனால் ஒதுக்கீட்டை மட்டும் கச்சிதமாகத் தீர்த்திருக்கும்.

அசல் பில் எந்தக் கோப்பில் இருக்க வேண்டும்? ஒன்றில் மட்டும்தான். பெரிய பங்கு P-32-இல் என்பதால் அசல் அங்கே. P-41 கோப்பில் நகலும், 'அசல் P-32, V-052-இல் உள்ளது' என்ற குறிப்பும் இருக்கட்டும். ஒரே பில்லை இரண்டு தலைப்பிலும் முழுதாக ஏற்றிவிடவில்லை என்பதை இந்தச் சூத்திரம் காட்டும்:

```
=SUMIFS(Ledger!F:F,Ledger!B:B,"V-052")
```

விடை 12,500 வர வேண்டும். 20,000 வந்தால் யாரோ ஒரு வரியில் 7,500-ம் இன்னொன்றில் முழு பில்லையும் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது J-006. இதற்கு வங்கியில் ஒரு பதிவும் கிடையாது. V-038 என்ற வவுச்சரில் 6,000 பயணச் செலவு, P-31 தலைப்பில் தவறாக ஏறிவிட்டது. அது பயிற்சிக்கு வந்தவர்களின் பயணம் என்பது பிறகுதான் தெரிந்தது. இங்கே பழைய வரியில் P-31-ஐ அழித்து P-32 என்று மாற்றத்தான் கை போகும். மாற்றாதீர்கள். போன காலாண்டு அறிக்கை P-31-ஐ வைத்து ஏற்கெனவே போய்விட்டது. பழைய வரியைத் தொட்டால், அனுப்பிய அறிக்கைக்கும் பேரேட்டுக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிடும். இன்றைய தேதியில் ஜர்னல் பதிவாக இரண்டு வரிகள் போடுங்கள்: P-31-இல் −6,000, P-32-இல் +6,000. J-006-க்கு மேலே சொன்ன சூத்திரத்தை ஓட்டினால் விடை பூஜ்ஜியம் வர வேண்டும்.

ஜர்னல் வவுச்சரில் காரணத்தை முழுதாக எழுதுங்கள். 'தவறான தலைப்பு திருத்தம்' என்ற மூன்று சொல் எதையும் விளக்காது. 'V-038-இல் உள்ள பயணச்சீட்டுகள் பயிற்சிக்கு வந்தவர்களுடையவை. வருகைப் பதிவேட்டுடன் ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டது' என்று எழுதி, V-038-இன் நகலையும் பதிவேட்டுப் பக்கத்தையும் சேருங்கள். பதிவைத் தயாரித்தவரும் ஒப்புதல் தந்தவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும். ஆடிட்டர்கள் ஜர்னல் பதிவுகளைத் தனியாக எடுத்துப் பார்ப்பது வழக்கம், அதிலும் அறிக்கைக் காலம் முடியும் வாரத்தில் போட்டவற்றை.

படி 4: ஒதுக்கீட்டுத் தொகைக்கும் காகிதம்

செலவில் கவனம் வைத்து இதை மறந்துவிடுவோம். P-32-இன் ஒதுக்கீடு முதலில் 80,000, நடுவில் 90,000 ஆக்கப்பட்டது என்றால், நிதி தந்தவர் ஒப்புக்கொண்ட கடிதம் கோப்பின் முதல் பக்கமாக இருக்க வேண்டும். அது இல்லாமல் 84,350 என்பது 4,350 அதிகச் செலவாகத்தான் தெரியும்.

படி 5: ஸ்கேன் கோப்புகள்

ஒரு வவுச்சருக்கு ஒரே பிடிஎப், பெயர் `P-32_V-052.pdf`. பகிர்வுத் தாள், பில், வங்கிச் சான்று எல்லாம் அதற்குள்ளேயே. பேரேட்டில் G வரிசையில் அதன் இணைப்பைப் போடலாம். காலாண்டு முடிந்ததும் அந்தக் கோப்புறையில் யாரும் எதையும் மாற்ற முடியாதபடி, பார்க்கும் அனுமதியை மட்டும் விட்டுவையுங்கள்.

படி 6: இரண்டு பக்கமிருந்தும் சோதனை

இந்தக் கோப்பைத் தயாரிக்காத ஒருவரைக் கூப்பிட்டு, பேரேட்டில் ஏதாவது ஒரு வரியைக் காட்டுங்கள். உங்களிடம் எதுவும் கேட்காமல் அவர் காகிதம்வரை, வங்கிப் பதிவுவரை போக முடிகிறதா? பதிவான செலவு உண்மையில் நடந்ததா என்பதற்கான சோதனை இது. அவர் உங்களிடம் கேள்வி கேட்கும் இடத்தில் ஒரு குறிப்போ படிவமோ குறைகிறது.

பிறகு எதிர்ப்பக்கத்திலிருந்து செய்யுங்கள். கோப்பிலிருந்து ஒரு பில்லை உருவி, அது பேரேட்டில் இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். விடுபட்ட செலவுகள் இந்த வழியில்தான் அகப்படும். பேரேட்டிலிருந்து மட்டும் தேடினால் அவை கண்ணில் படவே படாது, பேரேட்டில்தான் அவை இல்லையே!

வவுச்சர் எண்களையும் வரிசையாக ஓட்டிப் பாருங்கள். V-048-க்கு அடுத்து V-050 இருந்தால், V-049 எங்கே என்று யாராவது கேட்பார்கள். ரத்தான வவுச்சரைக் கிழித்துப் போடாமல், குறுக்கே கோடிட்டு 'ரத்து' என்று எழுதி, காரணத்தோடு அதன் இடத்திலேயே வைத்திருங்கள்.